50 சென் இன்ஸ்டாலும் இரண்டாவது எடைச் சீட்டும்

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு ஒரு சின்னச் செயலியை விளம்பரம் செய்து பார்த்த கணக்கு இது. இப்போதுதான் எந்த விளம்பரத்தில் காசு போட்டால் ஆள் நிற்கிறார், எதில் போட்டால் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அதனால் சூடு ஆறுவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

செயலி செம்பனை போட்டிருக்கும் சிறு நிலக்காரர்களுக்கும், அறுப்பு கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கும். பழத்தை லோரியில் ஏற்றி, பழம் வாங்கும் இடமான ரேம்ப்புக்குக் கொண்டுபோனால் எடைச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அதிலுள்ள எடை, தரக் கழிவு, டன் விலை மூன்றையும் செயலியில் போட்டால், ஆள் கூலி, லோரிக் கூலி போக எவ்வளவு கையில் நிற்கிறது என்று நிலம் வாரியாகக் காட்டும். இலவசமாகப் பாவிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நிலம் இருந்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. இவ்வளவுதான் செயலி.

காசு போடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டியிருந்தது ஒரே கேள்வி: நல்ல இன்ஸ்டால் என்றால் என்ன? விளம்பரம் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக முதல் நாள் திரும்ப வந்தாரா, ஏழாம் நாள் வந்தாரா என்று பார்க்கச் சொல்வார்கள். விளையாட்டுச் செயலிக்கு அது சரி. செம்பனையில் ஒரு நிலத்தை அறுத்துவிட்டு மறுபடி அதே நிலத்துக்கு வர 10 முதல் 15 நாள் ஆகும். நடுவில் அந்த மனிதருக்கு என் செயலியைத் திறக்க ஒரு வேலையும் கிடையாது. ஏழாம் நாள் வராததால் அவரைப் போய்விட்டவர் என்று எழுதினால், என்னுடைய மிக நல்ல வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் போய்விட்டவர்கள்தான். அதனால் அளவுகோலைத் தொழிலின் சுற்றிலிருந்தே எடுத்தேன். முதல் எடைச் சீட்டைப் போட்டவர், அடுத்த அறுப்புக்குப் பிறகு இரண்டாவது சீட்டையும் போட்டாரா? போட்டார் என்றால் அவர் என் ஆள்.

இதை நிகழ்வாகப் பதிவு செய்யும்போது ஒரு சிக்கல் வந்தது. ஆரம்பத்தில் இரண்டு சீட்டு சேர்ந்ததும் `ticket_second` என்று, செயலிக்குள் நடப்பதை எண்ணிக் காட்டும் கூகுளின் பயர்பேஸுக்கு அனுப்பும்படி எழுதியிருந்தேன். எண்ணிக்கை அழகாக வந்தது, நம்ப முடியாத அளவுக்கு அழகாக. பிறகுதான் தெரிந்தது, பலர் முதல் நாளே சட்டைப் பையில் சேர்த்து வைத்திருந்த பழைய சீட்டுகளை மொத்தமாக உட்கார்ந்து போட்டுவிடுகிறார்கள். அது நல்ல அறிகுறிதான், ஆனால் திரும்பி வந்ததற்குச் சாட்சி இல்லை. அதனால் சீட்டில் உள்ள தேதியை விட்டுவிட்டு, சீட்டைச் செயலியில் போட்ட தேதியைப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் பதிவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் குறைந்தது 7 நாள் இருந்தால்தான் கணக்கில் வரும். காத்திருக்கும் காலம் இன்ஸ்டாலிலிருந்து 30 நாள். 21 நாள் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் பழம் குறையும், மழை பிடித்தால் சுற்று இன்னும் தள்ளிப் போகும். 21 நாளில் வெட்டினால் மழைக்காகக் காத்திருந்த ஆளைச் செயலி பிடிக்காதவராக எழுதிவிடுவோம்.

அடுத்து, யார் எங்கிருந்து வந்தார் என்று பிரிக்க வழி வேண்டும். கூகுள் விளம்பரக் கணக்கையும் பயர்பேஸையும் இணைத்துவிட்டால் கூகுள் வழியாக வந்தவர்களை அதுவே பிரித்துக் காட்டும். மற்ற இடங்களுக்கு ப்ளே ஸ்டோர் லிங்க்கின் வாலில் `referrer` சேர்த்தால் போதும்.

```
https://play.google.com/store/apps/details?id=com.example.tuai&referrer=utm_source%3Dsticker%26utm_content%3Dramp1
```

செயலி முதல் தடவை திறக்கும்போது ப்ளே ஸ்டோரிடமிருந்து அந்த வாலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கூடவே இரண்டு நேரமும் வரும்: லிங்க்கைத் தட்டிய நேரம், இன்ஸ்டால் தொடங்கிய நேரம். மூன்றையும் சர்வரில் சேர்த்து வைத்தேன்.

```kotlin
val d = client.installReferrer
save(d.installReferrer,
     d.referrerClickTimestampSeconds,
     d.installBeginTimestampSeconds)
```

எந்த லிங்க்கையும் தட்டாமல் தானாகத் தேடி வந்தவருக்கு வாலில் `utm_medium=organic` என்று இருக்கும், தட்டிய நேரம் 0 ஆக வரும். இந்தச் சில வரிகளை எழுத அரை மணி நேரம் கூட ஆகவில்லை. பின்னால் 300 வெள்ளி எங்கே போனது என்று காட்டிக்கொடுத்தது இதுதான்.

கூகுளில் இன்ஸ்டாலுக்கு

முதலில் கூகுளின் ஆப் கேம்பெயின். இதில் விளம்பரம் எங்கே வர வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. தேடலில், ப்ளே ஸ்டோரில், யூடியூப்பில், மற்றச் செயலிகளுக்குள் என்று கூகுளே வைத்துக்கொள்ளும். நாம் கொடுப்பது வாசகம், படம், வீடியோ, நாளுக்கு எவ்வளவு, ஓர் இன்ஸ்டாலுக்கு எவ்வளவு என்பது மட்டும்தான். தலைப்புக்கு 30 எழுத்து. தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுவதால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இடம் கிடைக்காது. மலாயில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகப் போட்டேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சின்ன அமைப்பைக் கவனிக்க வேண்டும். பேராக், பகாங், ஜோகூர் என்று கொடுத்தாலும், அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வு ஒன்று உண்டு. அதை மாற்றி, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தேன்.

வரியோடு சேர்த்து ஏறத்தாழ 600 வெள்ளி செலவு. வரி என்பது கார்டு பில்லில் தனியாக விழும் 8 விழுக்காடு சேவை வரி. திட்டம் போடும்போது அதை விட்டுவிட்டால் எல்லாக் கணக்கும் கொஞ்சம் இனிப்பாகத் தெரியும், அதனால் இங்கே சொல்லும் தொகை எல்லாம் வரி சேர்ந்தவை. 400 இன்ஸ்டால் வந்தது, ஒன்றுக்கு 1.50 வெள்ளி. அதில் 48 பேர் முதல் சீட்டைப் போட்டார்கள். 15 பேர் இரண்டாவது சீட்டு வரை வந்தார்கள். ஆக, என் அளவுகோலில் ஓர் ஆளுக்கு 40 வெள்ளி.

40 வெள்ளி அதிகமா குறைவா என்று சொல்ல இன்னோர் எண் வேண்டும். அதுவரை சேர்ந்திருந்த பழைய ஆட்களைப் பார்த்ததில், இரண்டாவது சீட்டு போட்டவர்களில் மூன்றில் ஒருவர் ஆண்டுக் கட்டணம் கட்டியிருந்தார். 60 வெள்ளியில் ப்ளே ஸ்டோர் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டால் மீதி 51. மூன்றால் வகுத்தால் 17. ஆக, இரண்டாவது சீட்டு போடும் ஓர் ஆளைக் கொண்டுவர நான் 17 வெள்ளிக்கு மேல் செலவழித்தால், முதல் ஆண்டில் போட்ட காசு திரும்பி வராது. அடுத்த ஆண்டும் கட்டுவார் என்று நம்பிச் செலவழிக்கலாம்தான். ஆனால் செயலிக்கு இன்னும் இரண்டாம் ஆண்டே ஆகவில்லை, கையில் சான்று இல்லாத எண்ணைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. 17 என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

மலிவு இன்ஸ்டால்

அப்போதுதான் ஒரு விளம்பர நெட்வொர்க்கிலிருந்து 50 சென்னுக்கு ஓர் இன்ஸ்டால், எல்லாம் மலேசிய கைப்பேசிகள் என்று சொன்னார்கள். பெயர் வேண்டாம். 300 வெள்ளிக்கு 600 இன்ஸ்டால். அவர்களுடைய எஸ்டிகே என்ற நிரல் துண்டு ஒன்றைச் செயலியில் சேர்க்க வேண்டும். அது கைப்பேசியின் விளம்பர அடையாள எண்ணை அனுப்பும், தங்களிடம் உள்ள க்ளிக் பட்டியலோடு ஒப்பிட்டு இது எங்கள் வழியாக வந்தது என்று அவர்களே சொல்வார்கள். அளப்பதும் காசு வாங்குவதும் ஒரே கை. அதனால் அவர்களுடைய அறிக்கையை ஒரு பக்கம் வைத்து, என் சர்வரில் சேர்ந்திருந்ததை மறுபக்கம் வைத்து, அதே அடையாள எண்ணால் வரிக்கு வரி பொருத்திப் பார்த்தேன்.

600 வந்தது உண்மை. முதல் சீட்டு போட்டவர்கள் 12 பேர் என்று காட்டியது. அந்தச் சீட்டுகளில் பலவற்றைத் திறந்து பார்த்தால் எடை 111 கிலோ, 1234 கிலோ, விலைக் கட்டத்தில் 1 வெள்ளி. இன்ஸ்டால்களில் பெரும்பகுதி பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் வந்திருக்கிறது. செம்பனை அறுக்கிறவர் அந்த நேரத்தில் கைப்பேசியில் செயலி தேட மாட்டார், இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிலத்துக்குப் போக வேண்டியவர். கைப்பேசி மாடல் பார்த்தால் மூன்றே மூன்று வகை, ஆண்ட்ராய்ட் பதிப்பும் ஒன்றே. கூகுள் வழியாக வந்தவர்களிடம் நம்ம ஊரில் விற்கிற மலிவு போன் எல்லாம் கலந்து கிடந்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் வேறெதுவும் தேவைப்படவில்லை.

இன்னொரு சிறு கூட்டத்தில் வேறு மாதிரி தவறு. நெட்வொர்க் அறிக்கையில் க்ளிக் நேரம், ப்ளே ஸ்டோர் சொன்ன இன்ஸ்டால் தொடங்கிய நேரத்துக்குச் சில விநாடிகள் பின்னால் இருந்தது. அதாவது ஆள் ஏற்கனவே இறக்கத் தொடங்கிவிட்டார், விளம்பரத்தைத் தட்டியது அதற்குப் பிறகு. கைப்பேசியில் உள்ள ஏதோ ஒரு செயலி, புதிதாக ஒன்று இறங்குவதை மோப்பம் பிடித்து உடனே ஒரு பொய்க் க்ளிக் அனுப்பினால் இப்படித்தான் இருக்கும். நேரம் இரண்டையும் சேர்த்து வைக்காதவருக்கு இது எந்த வழியிலும் தெரியாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்த நெட்வொர்க்கிலிருந்து இரண்டாவது சீட்டு வரை வந்தவர் ஒரே ஒருவர். எடை 1,860 கிலோ, கழிவு சரியாகப் பிடித்திருக்கிறது, உண்மையான மனிதர். செயலியில் கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன். சாலாக் பக்கம் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்.

“எந்த விளம்பரம் பார்த்தீங்கண்ணே?”

“விளம்பரமா? உங்க மச்சான்தான் சொன்னாரு தம்பி. பேரைத் தேடித்தான் போட்டேன்.”

என் பதிவில் அவருக்கு `organic` என்றுதான் இருந்தது. அவர்கள் அறிக்கையிலோ இன்ஸ்டாலுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் ஒரு க்ளிக். யார் யாருக்கோ ஆயிரக்கணக்கில் பொய்க் க்ளிக் அனுப்பி வைத்துவிட்டு, அதில் எவராவது பிறகு தானாகவே செயலியை இறக்கினால் எங்களால்தான் வந்தார் என்று எழுதிக்கொள்வது. இதில் கெடுதல் 50 சென்னோடு நிற்பதில்லை. தானாக வருகிற நல்ல ஆட்களை இப்படி எழுதிக்கொண்டால், அந்த நெட்வொர்க்கின் தரம் அறிக்கையில் உயர்ந்து காட்டும், நாமும் அங்கேயே மேலும் காசு போடுவோம். ஒரு நெட்வொர்க்கை ஓட விட்ட நாட்களில் தானாக வருபவர் எண்ணிக்கை காரணமில்லாமல் இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அவரைக் கழித்தால் 300 வெள்ளிக்கு ஒருவரும் இல்லை. எஸ்டிகேயை எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பு விட்டேன்.

ஸ்டிக்கர்

அப்புறம் வெயிலில் நிற்கும் வேலை. கியூஆர் போட்ட ஸ்டிக்கர்கள், வெயில் மழை தாங்கும் வகையில் அச்சடிக்க 180 வெள்ளி. இரண்டு ரேம்ப், இரண்டு உரக்கடை. ஒவ்வோர் இடத்துக்கும் தனி `utm_content`, அதனால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். ரேம்ப்பில் எடை போடும் தளத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன், எல்லா லோரியும் அங்கே நிற்கிறதே என்று. ஒன்றும் வரவில்லை. உரக்கடை அண்ணன்தான் சொன்னார்: “தராசு பக்கத்துல ஒட்டுனா லோரிக்காரன்தான் பார்ப்பான் தம்பி, அவனுக்கு என்ன கணக்கு? சீட்டு குடுக்குற ஜன்னல்ல ஒட்டு.” சீட்டு வாங்குகிறவர் கையில் காகிதத்தோடு, எடையைப் பார்த்துக்கொண்டு, முன்னால் நிற்பவர் நகரும் வரை சும்மா நிற்கிற இடம் அந்த ஜன்னல். மாற்றி ஒட்டிய வாரமே அந்த ரேம்ப்பின் குறியீட்டில் இன்ஸ்டால் விழ ஆரம்பித்தது.

மொத்தம் 50 இன்ஸ்டால். ஒன்றுக்கு 3.60 வெள்ளி. மலிவு நெட்வொர்க்கைவிட ஏழு மடங்கு விலை. ஆனால் 36 பேர் முதல் சீட்டு, 24 பேர் இரண்டாவது சீட்டு. ஓர் ஆளுக்கு 7.50 வெள்ளி. ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடிப் போட்டவர்கள் `organic` ஆகத்தான் எழுதப்படுவார்கள், ஆகவே உண்மை விலை இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். என் பெட்ரோலையும் நேரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இதற்கு ஓர் எல்லை உண்டு, ரேம்ப்பின் எண்ணிக்கைதான் அந்த எல்லை. வழக்கமாக வருகிறவர் எல்லாரும் பார்த்து முடித்ததும் வேகம் தானாகக் குறைந்துவிட்டது.

கூகுளில் மறுபடி, செயலுக்கு

கூகுள் கேம்பெயினில் இன்ஸ்டாலுக்குப் பதில் செயலிக்குள் நடக்கும் ஒரு செயலைக் குறியாக வைக்கலாம். நான் விரும்பியது இரண்டாவது சீட்டு. ஆனால் அது நடக்கக் குறைந்தது ஒரு வாரம் ஆகும், அதுவரை கூகுளுக்கு எது சரி எது தப்பு என்று தெரியாது. நாளுக்குப் பத்துப் பேராவது செய்கிற செயலாகப் பார்த்து வையுங்கள் என்பதும், பட்ஜெட் ஒரு செயலின் விலையைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும் என்பதும் கூகுளின் ஆலோசனை. நாளுக்கு 20 வெள்ளி போடுகிறவனுக்கு இரண்டும் கட்டாது. முதல் சீட்டைக் குறியாக வைத்தபோது கேம்பெயின் கொடுத்த காசைக்கூடச் செலவழிக்காமல் நின்றது.

அதனால் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, நிலத்துக்குப் பெயரும் ஏக்கரும் போட்டுச் சேமிக்கும் `plot_saved` நிகழ்வைக் குறியாக்கினேன். நிலம் இல்லாதவர் அந்தப் படிவத்தை நிரப்ப மாட்டார், முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, முதல் சீட்டைவிட ஆள் எண்ணிக்கையும் அதிகம். 50 ஏக்கருக்கு மேல் போட்டாலோ பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலோ நிகழ்வு போகாது. ஒரு செயலுக்கு 6 வெள்ளி என்று வைத்தேன். மாற்ற வேண்டியிருந்தால் ஒரு தடவைக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றி இறக்காமல், சில நாள் விட்டுப் பார்த்தேன்.

வாசகத்தையும் மாற்றினேன். முந்தைய கேம்பெயினில் அதிக இன்ஸ்டால் கொண்டுவந்த வரி இலவசக் கணக்குச் செயலி என்பது. அதன் வழியாக மளிகைக் கடைக்காரர், மாணவர் என்று எல்லாரும் வந்தார்கள். அதை எடுத்துவிட்டு செம்பனை எடைச் சீட்டு என்று நேராகப் போட்டேன். படத்தில் வாங்கிப் போட்ட பச்சைத் தோட்டப் படத்துக்குப் பதில், மச்சானுடைய விரலில் பிடித்த கசங்கிய எடைச் சீட்டு. சீட்டு என்னவென்று தெரிந்தவர்தான் தட்டுவார். தட்டுபவர் குறைந்தார்கள், இன்ஸ்டால் விலை ஏறியது. நான் வேண்டியதும் அதுதான்.

600 வெள்ளிக்கு 150 இன்ஸ்டால், ஒன்றுக்கு 4 வெள்ளி. நிலம் சேர்த்தவர் 100, முதல் சீட்டு 60, இரண்டாவது சீட்டு 30. ஓர் ஆளுக்கு 20 வெள்ளி.

இன்ஸ்டால் விலையில் வரிசைப்படுத்தினால் மலிவு நெட்வொர்க், கூகுள் இன்ஸ்டால், ஸ்டிக்கர், கூகுள் செயல். இரண்டாவது சீட்டின் விலையில் வரிசைப்படுத்தினால் ஸ்டிக்கர் 7.50, கூகுள் செயல் 20, கூகுள் இன்ஸ்டால் 40, மலிவு நெட்வொர்க்குக்கு எண்ணே இல்லை. சுவரில் இருக்கிற 17-க்குக் கீழே நிற்பது ஒன்று மட்டும். 15 பேர், 24 பேர், 30 பேர் என்பது சின்ன எண்கள். ஒரு மழை வாரம் இரண்டு மூன்று பேரைத் தள்ளிவிடலாம். ஆகவே 20-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசத்தை நான் பெரிதாக நம்பவில்லை. 40-க்கும் 7.50-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்புகிறேன்.

அடுத்த சுற்றில்

ஜூலை வரைக்கும் கூகுளை நிறுத்தி வைத்திருக்கிறேன். பழம் ஏறும் மாதங்களில் சுற்றும் நெருங்கி வரும், சீட்டும் அதிகம், அப்போது அதே காசுக்கு இரண்டாவது சீட்டு வேகமாக வரும் என்று நினைக்கிறேன். ஜோகூரையும் பேராக்கையும் தனித்தனிக் கேம்பெயினாகப் பிரிக்கலாம் என்று இருந்தேன், ஆனால் பிரித்தால் ஒவ்வொன்றிலும் செயல் எண்ணிக்கை பாதியாகிக் கூகுள் கற்றுக்கொள்வது இன்னும் மெதுவாகும், அதனால் ஒன்றாகவே விடுகிறேன்.

நிலம் சேர்த்தவர்களில் 40 பேர் முதல் சீட்டே போடவில்லை. அவர்களில் சிலரிடம் பேசியதில், தரக் கழிவைக் கிலோவில் போடுவதா விழுக்காட்டில் போடுவதா என்று அந்தக் கட்டத்தில் நின்றிருக்கிறார்கள். சில ரேம்ப் சீட்டில் கிலோ, சிலதில் விழுக்காடு. அந்தக் கட்டத்தில் இரண்டையும் தேர்ந்தெடுக்கும்படி இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். 40 பேரில் 12 பேர் முதல் சீட்டைப் போட்டு, அவர்களில் இதுவரை போலவே பாதிப் பேர் திரும்பி வந்தால், இரண்டாவது சீட்டு 36 ஆகும், விலை 20-லிருந்து 17-க்குக் கீழே வந்துவிடும். விளம்பரத்தில் ஒரு காசும் கூட்டத் தேவையில்லை. ஸ்டிக்கருக்கு குவாலா கங்சார் பக்கம் மூன்று ரேம்ப்பில் ஜன்னலைக் கேட்டு வைத்திருக்கிறேன், இரண்டில் சரி என்றார்கள்.